எட்டரை மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்கினால்: ஒரு வாரத் தூக்கக் கணக்கு எழுதுவது எப்படி?

"ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை" என்று அம்மா சொல்லாத காலை எங்கள் வீட்டில் அரிது. அம்மாவுக்கு வயது 63. இரவு 9 மணிக்குப் படுப்பார், காலை 6 மணி வாக்கில் எழுவார். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க நான் எழுந்து போகும்போது அவர் அயர்ந்து தூங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆகவே பொட்டுத் தூக்கம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. அதற்காக, நன்றாகத்தான் தூங்குகிறார் என்றும் சொல்லிவிட முடியாது. மதியம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தலை தொங்கிவிடும்.

இப்படிப்பட்ட வழக்கைத் தீர்க்க மருத்துவர்கள் ஓர் எளிய எண்ணை வைத்திருக்கிறார்கள். தூக்கத் திறன் என்று அதைச் சொல்லலாம். படுக்கையில் கழித்த நேரத்தில் எத்தனை சதவீதம் உண்மையிலேயே தூக்கமாகப் போனது என்பதுதான் அது. 8 மணி நேரம் படுத்து 6 மணி நேரம் தூங்கினால் 75 சதவீதம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அதில் போடும் எண்களைச் சரியாகத் திரட்டுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், நானும் முதல் தடவை சறுக்கினேன். அம்மாவுக்காக ஒரு வாரம் எழுதிய கணக்கை வைத்தே, முதல் முறை எழுதுகிறவர்களுக்குப் புரியும்படி இங்கே சொல்கிறேன்.

என்னென்ன எழுத வேண்டும்?

ஒவ்வொரு இரவுக்கும் ஆறு விவரங்கள் போதும். படுக்கையில் ஏறிய நேரம். விளக்கை அணைத்து, "இனி தூங்க வேண்டும்" என்று கண்ணை மூடிய நேரம். அதிலிருந்து தூக்கம் பிடிக்க ஆன நிமிடங்கள். நடு இரவில் விழித்துக் கிடந்த நிமிடங்கள், எத்தனை தடவை விழித்தாலும் எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக. காலையில் கடைசியாக விழிப்பு வந்த நேரம். கடைசியாக, படுக்கையை விட்டு எழுந்த நேரம். தூக்க ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் ஒன்றுகூடி வகுத்த பொதுவான தூக்க நாட்குறிப்பு படிவத்திலும் மையமாக இருப்பவை ஏறக்குறைய இவைதான்.

முதல் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. 9 மணிக்குப் படுக்கையில் ஏறுவார். பிறகு அரை மணி நேரம் போனில் சித்தி அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்பார், பதில் சொல்வார். 9.30-க்குத்தான் விளக்கு அணையும். அந்த அரை மணி நேரத்தில் அவர் தூங்க முயலவே இல்லை, ஆனால் படுக்கையில்தான் இருந்தார். இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால் "தூக்கம் பிடிக்க 70 நிமிடம் ஆகிறது" என்று தவறாக முடிவு கட்டுவோம். பிரித்து எழுதினால் தூக்கம் பிடிக்க 40 நிமிடம், குரல் செய்திக்கு 30 நிமிடம் என்று தெளிவாகிவிடும். காலையிலும் இப்படித்தான். விழித்த நேரம் வேறு, எழுந்த நேரம் வேறு. அம்மாவின் கதையில் பெரிய ஓட்டை அங்கேதான் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

படுக்கை என்றால் கட்டில் மட்டும் இல்லை. பாயாக இருந்தாலும் சரி, கூடத்து சோபாவாக இருந்தாலும் சரி, இரவுத் தூக்கத்துக்காக எங்கே உடலைக் கிடத்துகிறீர்களோ அதுதான் படுக்கை. நடு இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்த நேரத்தைப் படுக்கை நேரத்திலிருந்து கழிக்க வேண்டாம். முதலில் ஏறியதிலிருந்து கடைசியாக இறங்கியது வரை எல்லாமே படுக்கை நேரம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. எழுந்து போன நேரம் விழித்திருந்த கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிடுகிறது.

எப்போது எழுதுவது, எதில் எழுதுவது?

காலையில், எழுந்த அரை மணி நேரத்துக்குள். மூன்று நாள் சேர்த்து வைத்து எழுதினால் மூன்று இரவும் ஒரே மாதிரி இருக்கும், அது நினைவு செய்யும் வேலை.

நாங்கள் தினசரி காலண்டர் தாளைப் பயன்படுத்தினோம். அம்மா எழுந்ததும் முகம் கழுவி, பூஜை அறைப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் ஆறு எண்களை எழுதி ஒரு கிளிப்பில் மாட்டிவிடுவார். இதில் எதிர்பாராத வசதி ஒன்று உண்டு. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் "செவ்வாய்க்கிழமை காலையில் எழுதுவதைத் திங்கள் என்று போடுவதா, செவ்வாய் என்று போடுவதா?" என்ற சந்தேகம் வரும். செவ்வாய் காலையில் கிழிக்கும் தாளில் திங்கள் என்றுதான் அச்சிட்டிருக்கும். எழுதுவதும் திங்கள் இரவைப் பற்றித்தான். குழப்பத்துக்கு இடமே இல்லை.

இனி ஒரு கண்டிப்பான விதி: இரவில் கடிகாரம் பார்க்கக் கூடாது. முதல் நாள் அம்மா கடமை உணர்ச்சியோடு தலைமாட்டில் டார்ச்சும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டார். விழித்தபோதெல்லாம் வெளிச்சம் அடித்து மணி பார்த்திருக்கிறார். விழித்தவுடன் "ஐயோ, மணி 2.10" என்று தெரிந்துகொள்வதைப் போலத் தூக்கத்தைக் கலைப்பது வேறில்லை. அந்த நாளின் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூடத்துக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

அப்படியானால் நிமிடக் கணக்கு எப்படித் தெரியும்? காலையில் எழுந்த பிறகு உத்தேசமாகச் சொன்னால் போதும். கால் மணி, அரை மணி, முக்கால் மணி என்று வட்டமாக. 35 நிமிடமா 40 நிமிடமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆள் ஒரே மாதிரி உத்தேசம் போடுகிறவரை, ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிட அது போதும். காலை விழிப்புக்கு மட்டும் வெளியிலிருந்து அடையாளங்கள் கிடைக்கும். எங்கள் தெருவில் 4.15-க்குப் பால் வண்டி, 5 மணிக்குக் கோயில் மணி. "பால் வண்டிக்கு முன்னாலேயே முழித்துவிட்டேன்" என்று அம்மா சொன்னால் நான் 4.15 என்று எழுதிக்கொள்வேன்.

ஒரே ஓர் இரவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

திங்கள் இரவு. 9.00 மணிக்குப் படுக்கை. 9.30-க்கு விளக்கு அணைப்பு. தூக்கம் பிடிக்க 40 நிமிடம். இடையில் விழித்திருந்தது 60 நிமிடம். கடைசி விழிப்பு 4.30. எழுந்தது 5.45.

படுக்கை நேரம்: 9.00 முதல் 5.45 வரை, 8 மணி 45 நிமிடம். அதாவது 525 நிமிடம்.

தூக்கம்: 9.30-லிருந்து 40 நிமிடம் தள்ளினால் 10.10. அங்கிருந்து 4.30 வரை 6 மணி 20 நிமிடம், 380 நிமிடம். இடையில் விழித்த 60-ஐக் கழித்தால் 320 நிமிடம்.

320-ஐ 525-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 61 சதவீதம்.

எல்லாவற்றையும் நிமிடமாக மாற்றிக்கொண்டு கணக்கிடுவதுதான் நல்லது. 5.45-ஐ ஐந்தே முக்கால் மணி என்று பாராமல் கால்குலேட்டரில் 5.45 என்று அப்படியே போட்டுப் பெருக்குகிறவர்கள் உண்டு. விடை ஏதோ வரும், அது கணக்காக இருக்காது.

கணினியில் எழுதுகிறவர்கள் ஒரு விரிதாளைத் திறந்து, A-யில் நாள், B-யில் படுத்த நேரம், C-யில் விளக்கணைத்த நேரம், D-யில் தூக்கம் பிடிக்க ஆன நிமிடம், E-யில் இடையில் விழித்த நிமிடம், F-ல் கடைசி விழிப்பு, G-யில் எழுந்த நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வரியில் தலைப்பு, 2 முதல் 8 வரை ஏழு இரவுகள். H, I, J ஆகிய மூன்று பத்திகளிலும் வரிசையாக இவற்றைப் போட்டு, 8-ஆம் வரி வரை கீழே நகலெடுங்கள்:

```
H2: =MOD(G2-B2,1)*1440
I2: =MOD(F2-C2,1)*1440-D2-E2
J2: =I2/H2*100
```

இரவு 9 மணியை 21:00 என்றுதான் அடிக்க வேண்டும். 9:00 என்று அடித்தால் அது காலை 9 என்று எடுத்துக்கொண்டு படுக்கை நேரத்தை இருபது மணிக்கு மேல் காட்டும். சூத்திரத்தில் MOD இருப்பது நள்ளிரவைத் தாண்டுவதற்காக. அது இல்லாவிட்டால் காலை 5.45-லிருந்து முந்தின இரவு 9-ஐக் கழிக்கும்போது எண் எதிர்மறையாக வந்து நிற்கும்.

அம்மாவின் ஏழு இரவுகள்

| இரவு | படுக்கை நேரம் (நிமிடம்) | தூக்கம் (நிமிடம்) | திறன் (%) |
|---|---|---|---|
| திங்கள் | 525 | 320 | 61 |
| செவ்வாய் | 525 | 360 | 69 |
| புதன் | 555 | 270 | 49 |
| வியாழன் | 525 | 455 | 87 |
| வெள்ளி | 525 | 330 | 63 |
| சனி | 330 | 290 | 88 |
| ஞாயிறு | 540 | 330 | 61 |
| மொத்தம் | 3525 | 2355 | 67 |

ஏன் ஒரு வாரம் எழுதச் சொல்கிறார்கள் என்பதற்குப் புதனையும் வியாழனையும் பார்த்தால் போதும். புதனன்று 49. அந்த ஓர் இரவை மட்டும் அளந்திருந்தால் அம்மா சொன்னதே சரி என்று பதறியிருப்போம். மறுநாள் 87. அதை மட்டும் அளந்திருந்தால் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லியிருப்போம். உண்மையில் இரண்டும் தொடர்புள்ளவை. ஓர் இரவு கெட்டால் தூக்கத்துக்கான பசி உடலில் சேர்ந்துகொண்டே போகும், அடுத்த இரவு அது தன் கடனை வசூலித்துக்கொள்ளும். ஆகவே தனி இரவின் எண்ணுக்கு மதிப்புக் குறைவு. ஏழு இரவு என்பது குறைந்தபட்சம். வார நாளும் விடுமுறை நாளும் அதற்குள் வந்துவிடும். தூக்கமின்மைக்குச் சிகிச்சை தருகிறவர்கள் முடிந்தால் இரண்டு வாரம் கேட்பார்கள்.

வார எண்ணை எடுப்பதிலும் ஒரு சிறு சறுக்கல் இருக்கிறது. ஏழு சதவீதங்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் 68 வருகிறது. மொத்தத் தூக்கத்தை மொத்தப் படுக்கை நேரத்தால் வகுத்தால் 67. இங்கே வித்தியாசம் அற்பம், ஆனால் இரண்டாவதுதான் முறையானது. சனிக்கிழமை உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், இரவு 11.30-க்கு மண்டபத்து அறையில் பாய் விரித்துப் படுத்து 5 மணிக்கு எழுந்தார் அம்மா. அந்தக் குட்டி இரவுக்கும், ஒன்பது மணி நேரம் புரண்ட இரவுக்கும் ஒரே எடை கொடுத்தால் வார எண் உப்பிவிடும். அடிக்கடி அப்படிப்பட்ட இரவுகள் வருகிற வீட்டில் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும். விரிதாளில் இதற்கு ஒரே வரி:

```
=SUM(I2:I8)/SUM(H2:H8)*100
```

மதியத் தூக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தாளின் ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம், "நாற்காலி, 30" என்பது போல. இரவுப் பசியை மதியமே கொஞ்சம் தின்றுவிட்டதா என்று பிறகு பார்க்க உதவும்.

67 என்றால் என்ன?

85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இளைஞர்கள் பலருக்கு 90-க்கு மேல் இருக்கும். வயது ஏற ஏற இந்த எண் தானாகவே இறங்கும். நடு இரவில் விழிப்பது முதுமையில் இயல்பாகக் கூடுகிறது. அதனால் அம்மாவின் எண்ணை என் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. அப்படிப் பார்த்தாலும் 67 குறைவுதான்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். "67 வந்திருக்கிறது, மோசம்" என்று கவலைப்பட ஒரு எண் கிடைத்ததே தவிர வேறு லாபம் இல்லை. அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறு விவரங்களை எழுதச் சொன்னதே அதற்காகத்தான்.

வாரம் முழுக்க அம்மா படுக்கையில் விழித்திருந்தது 3525-லிருந்து 2355 போக 1170 நிமிடம். அது நான்கு இடங்களில் ஒழுகியிருக்கிறது. விளக்கணைக்கும் முன் போனோடு 120. தூக்கம் பிடிக்கக் காத்திருந்தது 225. நடு இரவில் 390. காலையில் விழித்த பிறகும் எழாமல் கிடந்தது 435.

கடைசி எண்ணைப் பார்த்து நான் திகைத்தேன். அம்மாவின் புகாரெல்லாம் நடு இரவைப் பற்றியது. கணக்கோ விடியற்காலையைக் காட்டுகிறது. நாளுக்குச் சராசரி 62 நிமிடம் அவர் விழித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தூக்கம் வராதா" என்று சும்மா கிடந்திருக்கிறார்.

போனோடு கிடந்த 120 நிமிடத்தையும் விடியலில் கிடந்த 435 நிமிடத்தையும் படுக்கைக்கு வெளியே கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படுக்கை நேரம் 2970 ஆகக் குறையும். தூக்கம் அதே 2355. திறன் 79 சதவீதம். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தூங்காமல் 67 என்பது 79 ஆகிவிட்டது.

இது எண்ணை ஏமாற்றுவது போலத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தப் பின்னத்தில் மேலே இருப்பது தூக்கம், கீழே இருப்பது படுக்கை நேரம். மேலே இருப்பதை யாரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது, முயன்றால் இன்னும் ஓடும். கீழே இருப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. தூக்கமின்மைக்கு மருந்தில்லாமல் செய்யும் சிகிச்சைகளில் முக்கியமான ஒன்று இந்தக் கீழ் எண்ணைப் பிடித்துத்தான் நடக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் தன் சகாக்களோடு 1987-ல் அதை வெளியிட்டார். படுக்கை நேரத்தை, ஆள் உண்மையில் தூங்கும் நேரத்துக்கு அருகே சுருக்குவது அதன் சாரம். சுருங்கிய நேரத்துக்குள் தூக்கம் நெருக்கமாகக் கூடும், நடுவில் விழிப்பு குறையும். பிறகு வாராவாரம் திறனைப் பார்த்து நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பார்கள்.

கைக்கடிகாரம் சொல்வதை நம்பலாமா?

தம்பி தன் கையில் கட்டும் தூக்கம் அளக்கும் கடிகாரத்தை அந்த வாரம் அம்மாவுக்குக் கட்டிவிட்டான். புதன் இரவுக்கு அது 7 மணி நேரத் தூக்கம் என்று காட்டியது. அம்மாவின் தாள்படி நான்கரை மணி நேரம். தம்பி கடிகாரத்தின் பக்கம், நான் தாளின் பக்கம், காலையிலேயே சண்டை.

அம்மா என்ன செய்தார் என்று கேட்டதில் விடை கிடைத்தது. தூக்கம் வராத நேரத்தில் கண்ணை மூடி, அசையாமல், மனத்துக்குள் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இந்தக் கடிகாரங்கள் கையின் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துத்தான் ஊகிக்கின்றன. அசையாமல் விழித்திருப்பதை அவை பெரும்பாலும் தூக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். தூங்குகிறவரைத் தூங்குகிறார் என்று சரியாகச் சொல்லும், விழித்திருப்பவரைக் கண்டுபிடிப்பதில்தான் பலவீனம். படுக்கையில் சாதுவாகக் கிடக்கும் ஆட்களுக்கு அது திறனைக் கூட்டியே காட்டும்.

தாளும் முழு உண்மை இல்லை. தூக்கம் வராதவர்கள் தாம் தூங்கிய நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது சகஜம். மூளை அலைகளைப் பதிவு செய்யும் தூக்க ஆய்வகத்தில் படுத்தால்தான் உறுதியாகத் தெரியும், அதுவும் அந்த ஓர் இரவுக்குத்தான். தூக்கமின்மைக்கு அந்த ஆய்வகம் பொதுவாகத் தேவைப்படுவதில்லை, நாட்குறிப்பை வைத்தே முடிவெடுக்கிறார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் வாரம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். திங்களுக்குத் தாள், செவ்வாய்க்குக் கடிகாரம் என்று கலந்தால் இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

உயர்ந்த எண் வந்தால்?

அதே வாரம் எனக்கும் எழுதிப் பார்த்தேன். ஓர் இரவு 12.45-க்குப் படுத்து 5.50-க்கு அலாரம் அடித்து எழுந்தேன். 305 நிமிடம். படுத்த சில நிமிடங்களில் தூக்கம், இடையில் விழிப்பே இல்லை. தூக்கம் 293 நிமிடம், திறன் 96 சதவீதம். தம்பி கைதட்டினான். அது பாராட்டுக்குரிய எண் இல்லை. ஐந்து மணி நேரம்கூடத் தூங்காமல், பசித்தவன் இலையை வழித்துச் சாப்பிடுவதுபோலக் கிடைத்ததை எல்லாம் தூங்கியிருக்கிறேன். 95-க்கு மேல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தூக்கம் எத்தனை மணி நேரம் என்பதை. திறனை மட்டும் எழுதி மணி நேரத்தை எழுதாமல் விடக் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. திறன் 90-க்கு மேல், ஏழெட்டு மணி நேரத் தூக்கம், ஆனாலும் பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது, இரவில் பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார். மூச்சு தடைபட்டு மூளை ஒரு கணம் உலுக்கப்படுவதை ஆளே உணர மாட்டார், அதனால் தாளில் அது ஏறாது. அவர் இந்தக் கணக்கை நம்பி இருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாரம்

நேரத்தைச் சுருக்கும் முன் அம்மாவின் மருத்துவரிடம் தாள்களைக் காட்டினோம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்குத் தூக்கத்தைச் சுருக்குவது ஆபத்து. தொழிலாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் முதல் வாரத்து அசதியே ஆபத்து. இவர்கள் தாமாக ஆரம்பிக்கக் கூடாது. அளப்பது யாருக்கும் கெடுதல் இல்லை, சுருக்குவதுதான் யோசித்துச் செய்ய வேண்டியது.

முதல் வாரத்தில் அம்மாவின் சராசரித் தூக்கம் 5 மணி 36 நிமிடம், படுக்கை நேரம் 8 மணி 24 நிமிடம். அவருக்கு வயதாகிவிட்டதால் கொஞ்சம் தாராளமாக 6 மணி 15 நிமிடம் என்று வைத்தோம். ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போவது கூடாது என்பது பொதுவான எல்லை. எழும் நேரத்தை முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் படுக்கும் நேரம். கோயில் மணி அடிக்கும் 5 மணிக்கு எழுவது என்று முடிவானது, அங்கிருந்து பின்னால் எண்ணினால் படுப்பது 10.45. இரவு எப்படிப் போனாலும் 5 மணி மாறாது. குரல் செய்தி கூடத்து நாற்காலியில் மட்டும்.

உண்மையில் கஷ்டம் 9 மணிக்கும் 10.45-க்கும் இடையில்தான். அம்மா மூன்று நாள் என்னைத் திட்டினார். நாடகம் முடிந்தால் கண் சொருகும், உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். அப்போதெல்லாம் மறுநாளுக்குக் கீரை ஆய்வது, துணி மடிப்பது என்று ஏதாவது கையில் கொடுத்தோம். இரவில் விழித்து நெடுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்கு வந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் போவது என்பதும் ஏற்பாடு. படுக்கை தூங்குவதற்கு மட்டும் என்ற இந்த விதியை ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் முன்வைத்தார். அம்மா அந்த வாரம் இரண்டு முறை எழுந்து வந்ததாகத் தாளில் இருக்கிறது.

வார முடிவில் படுக்கை நேரம் 2625 நிமிடம், தூக்கம் 2240. திறன் 85. சராசரித் தூக்கம் 5 மணி 20 நிமிடம், அதாவது முதல் வாரத்தைவிட 16 நிமிடம் குறைவு. எண் 18 புள்ளி ஏறியிருக்க, தூக்கம் இறங்கியிருக்கிறது. இதைப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நேரத்தைச் சுருக்கிய முதல் வாரத்தில் இப்படித்தான் இருக்கும்.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஸ்பீல்மனின் முறையில் விதி இருக்கிறது. வாரத் திறன் 90-க்கு மேல் போனால் படுக்கை நேரத்தில் 15 நிமிடம் கூட்டலாம். 85-க்கும் கீழே இருந்தால் கொஞ்சம் குறைக்க வேண்டும். இடையில் இருந்தால் அப்படியே விட வேண்டும். வயதானவர்களுக்கு 90-ஐ 85 ஆகத் தளர்த்துவது வழக்கம். அம்மா 85-ஐச் சற்றே தாண்டியிருந்ததால் 15 நிமிடம் கிடைத்தது, படுப்பது 10.30 ஆனது. கூட்டுவது எப்போதும் படுக்கும் பக்கம்தான், எழும் 5 மணியைத் தொடுவதில்லை.

மூன்றாவது வாரத்தில் படுக்கை நேரம் 2730, தூக்கம் 2380, திறன் 87. சராசரித் தூக்கம் 5 மணி 40 நிமிடம். ஆரம்பித்த வாரத்தோடு பார்த்தால் தூக்கம் 4 நிமிடம்தான் கூடியிருந்தது, படுக்கையில் கிடந்த நேரம் 1 மணி 54 நிமிடம் குறைந்திருந்தது. நடு இரவு விழிப்பு பல இரவுகளில் 20 நிமிடத்துக்குள் அடங்கியது. காலையில் தாளைக் கிழித்தபடி, "ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்தேன், அவ்வளவுதான்" என்றார் அம்மா. கடிகாரம் இல்லாமல் இரண்டு மணி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். நான்காவது வாரம் போனையும் கூடத்தில் வைத்துவிட்டு, 10.15-லிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறோம்.